ராக்கெட் சத்தம் எந்த உயரத்தில் நின்றுபோகிறது? ரேடியோ மட்டும் எப்படி வந்து சேர்கிறது?

எண்ணூர்_அலை
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விடுவோம். வடக்கே நெருப்பு ஏறுவது தெரியும். அதன்பிறகு ரொம்ப நேரம் கழித்து ஒரு உறுமல் மாதிரி கேட்கும், சில நாள் கேட்காது. விண்வெளியில் சத்தம் போகாது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். சரி, ராக்கெட் தரையில் இருக்கும்போது காது கிழிகிற சத்தம். மேலே போய்விட்டால் சத்தமே இல்லை. அப்படியானால் நடுவில் எந்த உயரத்தில் அது நிற்கிறது? கோடு போட்ட மாதிரி ஒரு இடம் உண்டா?

இரண்டாவது கேள்வி. அதே ராக்கெட்டிலிருந்து வேகம், உயரம் எல்லாம் டிவியில் நொடிக்கு நொடி வருகிறது. அது ரேடியோ அலை. அதுவும் அலைதானே? அதற்கு மட்டும் காற்று வேண்டாமா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
தம்பி, நல்ல இடத்தில் நின்று கேட்கிறாய். முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஏவுதளத்திலிருந்து எண்ணூர் நேர்கோட்டில் 55, 60 கிலோமீட்டர். காற்றில் சத்தம் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும். ஆக, தரையில் கிளம்பிய சத்தம் உன் காதுக்கு வர மூன்று நிமிடம்.

இப்போது சந்திரயான்-3 போன நாளை எடுத்துக்கொள். 2023 ஜூலை 14, மதியம் 2:35. அந்த எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்களும் சுமார் 127 நொடியில் கழன்றுவிட்டன. அப்போது உயரம் 62 கிலோமீட்டர். 195 நொடி வாக்கில், 114 கிலோமீட்டர் உயரத்தில், மூக்குக் கூட்டையும் கழற்றிப் போட்டாயிற்று. அதாவது கிளம்பிய சத்தம் எண்ணூரைத் தொடும்போது ராக்கெட் காற்று இருக்கிற இடத்தையே கிட்டத்தட்ட தாண்டிவிட்டது. நீங்கள் உறுமலைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் மேலே இருக்கிற ராக்கெட் வெளியே யார் காதுக்கும் கேட்காது.

ஒத்தவாடைத்தெரு
மன்னிக்கவும் ஐயா, மூன்று நிமிடம் எல்லாம் இல்லை. நான் திருவொற்றியூர். கிளம்பிய ஒரு நிமிடத்திலேயே எங்கள் ஜன்னல் அதிர்ந்தது. வீட்டில் நாலு பேர் சாட்சி.

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
ஒரு நிமிடத்தில் சத்தம் இருபது கிலோமீட்டர்தான் வரும். திருவொற்றியூர் அறுபதுக்கும் மேல். அது ராக்கெட்டாக இருக்க வழியில்லை.

ஒத்தவாடைத்தெரு
அப்போ ஜன்னலை யார் ஆட்டினது, நானா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
கண்டெய்னர் லாரி போகிற சாலை, துறைமுகம், கூட்ஸ் லைன் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. எது என்று நான் எப்படிச் சொல்வது? சோதிக்க வழி இருக்கிறது. நேரலையைப் போனில் பார்க்காதே, அது பல நொடி பின்தங்கி வரும். கண்ணால் நெருப்பு தெரிந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்து. மூன்று நிமிடத்துக்கு முன் வந்தால் ராக்கெட் இல்லை. மூன்றரை, நாலரை நிமிடத்தில் தாழ்ந்த குரலில் நீளமாக வந்தால் ராக்கெட்டாக இருக்கலாம். உயரத்தில் இருந்தபோது கிளம்பிய சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அறுபது கிலோமீட்டர் என்பது தகராறான தூரம் என்பதையும் சேர்த்துக்கொள். பகலில் கீழே சூடு, மேலே போகப் போகக் குளிர். அதனால் தரையை ஒட்டி வருகிற சத்தம் மெல்ல மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். வடக்கிலிருந்து காற்று அடித்தால், அல்லது இரவில் தரை குளிர்ந்து கிடந்தால், கீழே வளைந்து வந்து சேரும். ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்கவில்லை என்று எண்ணூர்த் தம்பி சொன்னதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒத்தவாடைத்தெரு
அடுத்த லாஞ்சுக்கு அழுத்திப் பார்க்கிறேன். இப்போதைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எண்ணூர்_அலை
சரி ஐயா, உயரம்? எங்கே நிற்கிறது?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
வருகிறேன். கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டியை எஞ்சின் இடிப்பதைப் பார்த்திருப்பாய். முதல் வேகனில் விழுந்த இடி டக், டக் என்று கடைசி வேகன் வரை ஓடும். எந்த வேகனும் ஒரு அடிக்கு மேல் நகர்ந்திருக்காது, இடி மட்டும் பயணம் போயிருக்கும். சத்தமும் அவ்வளவுதான். காற்று மூலக்கூறு ஒன்று பக்கத்திலிருப்பதை இடிக்கிறது, அது அடுத்ததை. வேகன்களை ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிறுத்திவிட்டால் இடி எங்கே போகும்?

கேள்வி இடைவெளியில்தான் இருக்கிறது. எண்ணூரில் தரைமட்டக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை இடிக்கும் முன் போகிற தூரம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. ராக்கெட்டின் தாழ்ந்த உறுமலில், நொடிக்கு நூறு தடவை அதிர்கிற பகுதியை எடுத்தால், அதன் ஒரு அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல். அந்த மூன்று மீட்டருக்குள் கோடிக்கணக்கான இடி நடக்கிறது. அதனால் நெருக்கமும் தளர்வும் ஒழுங்காக நகர்ந்து போகிறது.

நூறு கிலோமீட்டர் உயரத்தில் அந்த இடைவெளி ஒரு சாண் அளவுக்கு வந்துவிடும். நூற்றிருபதில் மூன்று மீட்டர். இப்போது அலையின் நீளமும் இடைவெளியும் ஒன்று. ஒரு மூலக்கூறு அடுத்ததை இடிப்பதற்குள் அலையே முடிந்துபோகிறது. நெருக்கமாக்கிய காற்று, அடுத்த அடுக்கைத் தள்ளாமல் தன் பாட்டுக்குக் கலைந்துவிடும். கீச்சுக் குரலுக்கு அலை குட்டை, அதனால் அது இன்னும் கீழேயே சாகும். தாழ்ந்த குரல் கொஞ்சம் மேலே வரை தாக்குப்பிடிக்கும். கோடு போட்ட இடம் கிடையாது, ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு உயரம். மனிதக் காதுக்கான சத்தம் என்று பார்த்தால் நூறை ஒட்டிக் கதை முடிந்தது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற நானூறு கிலோமீட்டரில் அந்த இடைவெளி பத்து கிலோமீட்டருக்கும் மேல். அங்கே மூலக்கூறு இருக்கத்தான் செய்கிறது, நிலையத்தின் வேகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தம் இல்லை.

ஸ்பேஸ்_மச்சி
எல்லாரும் பழைய பாடப் புத்தகத்தையே சொல்றீங்க ப்ரோ. விண்வெளியில் சத்தம் இருக்கு. நாசாவே கருந்துளையின் சத்தத்தை வெளியிட்டது, 2022-இல். நான் ஹெட்போனில் கேட்டேன், மயிர்க்கூச்செறிந்தது. வெற்றிடம் என்பதே கிடையாது, எல்லா இடத்திலும் வாயு இருக்கு.

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
வாயு இருக்கிறது என்பது சரி. அது பெர்சியஸ் விண்மீன் திரள்கூட்டம். அங்கே திரள்களுக்கு நடுவில் சூடான வாயு நிறைந்து கிடக்கிறது, அதில் அழுத்த அலை ஓடுவதை 2003-இல் சந்திரா தொலைநோக்கியின் படத்தில் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு அலை கடந்து போக ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு ஆகும். நீ ஹெட்போனில் கேட்டது அதை 57, 58 ஸ்தாயி மேலே ஏற்றியது.

நான் மேலே சொன்ன கணக்குக்கே அது உதாரணம். அங்கே மூலக்கூறு இடைவெளி நினைத்துப் பார்க்க முடியாத தூரம், ஆனால் அலையின் நீளம் பல்லாயிரம் ஒளியாண்டு. இடைவெளியை விட அலை பெரிதாக இருக்கும் வரை அலை போகும். உன் குரலோ ராக்கெட் குரலோ அந்த நீளத்துக்கு வராது.

ஸ்பேஸ்_மச்சி
அதைத்தான் நானும் சொன்னேன், சத்தம் இருக்கு என்று 😎

வியாசர்பாடி_டீச்சர்
ஐயா, ஒரு சந்தேகம். எட்டாம் வகுப்புக்கு மணிச்சாடிச் சோதனை செய்து காட்டுவேன். கண்ணாடிச் சாடிக்குள் மின்சார மணி, பம்பு வைத்து காற்றை உறிஞ்சினால் சத்தம் குறைந்துகொண்டே வரும். ராபர்ட் பாயில் 1660-இல் செய்தது. பிள்ளைகள் நன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் பள்ளிப் பம்பு பழசு, மிஞ்சிப்போனால் நூறில் ஒரு பங்கு காற்றை விட்டுவைக்கும். நீங்கள் சொல்கிற கணக்கில் அந்த அளவுக்குக் காற்று இருந்தாலே சத்தம் நன்றாகப் போக வேண்டுமே? அப்புறம் ஏன் குறைகிறது?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
டீச்சர், இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இது. நீங்கள் நினைப்பது சரி. நூறில் ஒரு பங்கு காற்றில் மூலக்கூறு இடைவெளி நூறு மடங்காகும், அப்போதும் அது ஒரு முடியின் தடிமனை விடக் குறைவு. மணிச் சத்தத்தின் அலையோ பல சென்டிமீட்டர். ஆக, அந்தக் காற்றில் சத்தம் தாராளமாகப் போகும். வேகம்கூட மாறாது, ஏனென்றால் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்தது இல்லை.

குறைவதற்குக் காரணம் இரண்டு வாசல்கள். மணியின் தகடு அதிர்ந்து காற்றைத் தள்ள வேண்டும். லேசான காற்று தள்ளுக்கு எதிர்த்து நிற்காது, அதனால் தகட்டிலிருந்து காற்றுக்குப் போகிற சக்தியே நூறில் ஒரு பங்காகிவிடும். பிறகு அந்த லேசான காற்று கனமான கண்ணாடியைத் தள்ள வேண்டும். அங்கேயும் அதே அளவுக்கு நஷ்டம். இரண்டையும் சேர்த்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் போகிற வழி திறந்தே இருக்கிறது.

வியாசர்பாடி_டீச்சர்
அப்படியானால் நான் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறீர்களா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
இல்லை டீச்சர். காற்று குறைந்தால் காதுக்கு வரும் சத்தம் குறையும் என்பது உண்மை, முழுக்க எடுத்துவிட்டால் இல்லாமலே போகும் என்பதும் உண்மை. உங்கள் சாடிக்குள் வெற்றிடம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம். கடைசியில் ஒரு மெல்லிய சத்தம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் பெரும்பாலும் மணியைத் தொங்கவிட்ட கம்பி, ரப்பர் அடைப்பு வழியாக வருவது. மணியை ஸ்பாஞ்சில் வைத்தால் அதுவும் குறையும்.

உங்கள் சாடிக்குச் சமமான இடம் ஒன்று வானத்தில் உண்டு, செவ்வாய். அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 2021-இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தி அங்கே மைக் வைத்துப் பதிவுசெய்தது. சுமார் எண்பது மீட்டர் தள்ளி இருந்த சின்ன ஹெலிகாப்டரின் ரீங்காரம்கூட விழுந்தது. மெலிதாக, தாழ்ந்த சுருதி மட்டும். வேகமும் நொடிக்கு 240 மீட்டர் அளவுதான், அங்கே குளிர் அதிகம், காற்றும் கரியமில வாயு.

காசிமேடு_லாஞ்சு
எனக்குப் படிப்பு இல்லை, தொழில் கடல். ஆனா ஒண்ணு கேக்கணும். நம்ம லாஞ்சுல வயர்லெஸ் செட் இருக்கு, எக்கோவும் இருக்கு. எக்கோ தண்ணிக்குள்ள சத்தத்தை விட்டு, கீழ தட்டித் திரும்பறதை வச்சு ஆழம் காட்டுது, மீன் கூட்டம் காட்டுது. வயர்லெஸ் ஆன்டெனா தண்ணில முழுகினா ஒண்ணும் வராது, ஊமை. இங்க சத்தம் போகுது, ரேடியோ போகலை. மேலே ரேடியோ போகுது, சத்தம் போகலை. இது எதனால தலைகீழா இருக்கு?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
அண்ணே, படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு பரீட்சைக் கேள்வி கேட்கிறீர்கள்.

தண்ணீரில் மூலக்கூறுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, அமுக்கினால் லேசில் அமுங்காது. அதனால் சத்தம் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஓடும். நாற்பது பாகம் ஆழத்துக்குப் போய்த் திரும்ப உங்கள் எக்கோவுக்குப் பத்தில் ஒரு நொடி போதும்.

ரேடியோவுக்கு யாரும் தோள் கொடுக்க வேண்டாம். யாராவது இருந்தால்தான் அதற்குத் தொல்லை. கடல் நீரில் உப்பு கரைந்து மின்னேற்றம் உள்ள துகள்களாகத் திரிகிறது. ரேடியோ அலை உள்ளே வந்ததும் அவை அதோடு சேர்ந்து ஆடும், ஆடி அதன் சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். உங்கள் செட்டின் அலைவரிசையில், இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் அலையின் பலம் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். அடுத்த இரண்டு சென்டிமீட்டரில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கை ஆழத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அதிர்வைக் குறைத்தால் கொஞ்சம் ஆழம் போகும். திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அப்படித்தான், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில். அதற்குப் பிரமாண்டமான ஆன்டெனா வேண்டும், அனுப்பக்கூடிய செய்தியும் மெதுவாகத்தான் போகும்.

விண்வெளியில் தின்ன ஆள் இல்லை. தூரம் போகப் போக அலை விரிந்து மெலியும், அவ்வளவுதான்.

மிண்ட்_பெரியவர்
எங்கள் காலத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் டிரான்சிஸ்டரைத் திருகினால் தூரத்து ஸ்டேஷன் எல்லாம் வரும். இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தோம். அப்போது சொன்னது, வானத்தில் ஒரு அடுக்கு இருக்கிறது, ரேடியோ அதில் பட்டுத் திரும்பி வரும் என்று. திரும்பி வருகிறது என்றால் ராக்கெட்டில் இருந்து கீழே எப்படி வருகிறது? அந்த அடுக்கு மேலேயே தட்டிவிடாதா? இப்போது ஏன் அந்த ஸ்டேஷன்கள் வருவதில்லை என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
அந்த அடுக்கு அயனி மண்டலம். அங்கேயும் மின்னேற்றத் துகள்கள்தான், ஆனால் அடர்த்தி குறைவு. மெதுவாக ஆடுகிற அலை வந்தால் அவை கூடவே ஆடி அதைத் திருப்பி அனுப்பிவிடும். மீடியம் வேவும் ஷார்ட் வேவும் அந்த ரகம். முப்பது மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டால் துகள்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அலை ஊடுருவிப் போய்விடும். ராக்கெட் தகவல் வருவது இரண்டாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கும் மேல். அதற்கு அந்த அடுக்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய ஸ்டேஷன்கள் போனதற்கு வானம் காரணம் இல்லை பெரியவரே. பல நிலையங்களை மூடிவிட்டார்கள், மிச்சத்தை நம் வீட்டு எல்.ஈ.டி. பல்பும் சார்ஜரும் இரைச்சலில் அமுக்கிவிட்டன.

எண்ணூர்_அலை
ஐயா, இப்போது என் இரண்டாவது கேள்வி. நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் என்ன ஆடுகிறது? அதில் மனிதக் குரல் எப்படி ஏறுகிறது?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
ஆன்டெனாக் கம்பியில் எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறோம். எலக்ட்ரானைச் சுற்றி மின்புலம் உண்டு. அது மாறினால் காந்தப்புலம் பிறக்கும், காந்தப்புலம் மாறினால் மின்புலம் பிறக்கும். ஒன்றை ஒன்று பெற்றுக்கொண்டு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே போகும். பொருள் எதுவும் நகரவேண்டியதில்லை. போகிற வழியில் இன்னொரு கம்பி இருந்தால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் அதே தாளத்தில் ஆடும். அவ்வளவுதான் ரேடியோ. உன்னைப் போலவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எல்லோரும் இதற்கு ஒரு ஊடகம் இருக்கத்தான் வேண்டும் என்று தேடினார்கள். மைக்கெல்சனும் மார்லியும் 1887-இல் செய்த சோதனையில் அதன் சுவடே கிடைக்கவில்லை.

ஒத்தவாடைத்தெரு
புலம் என்று ஒன்று அங்கே இருக்கிறது என்றால் அது வெற்றிடம் இல்லையே. ஊடகத்துக்குப் பெயர் மாற்றி வைத்துவிட்டீர்கள், வேறென்ன?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
அப்படிச் சொல்கிறவர்கள் இயற்பியலிலும் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. காற்றுக்கு ஒரு வேகம் உண்டு, நீ அதோடு ஓடலாம், எதிர்த்து ஓடலாம், சத்தத்தின் வேகம் உனக்கு மாறித் தெரியும். புலத்துக்கு அப்படி ஒரு நிற்கிற நிலை, ஓடுகிற நிலை கிடையாது. யார் எந்த வேகத்தில் போய் அளந்தாலும் அதே மூன்று லட்சம். அதை ஊடகம் என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பதில் நான் சண்டைக்கு வரவில்லை.

கொடுங்கையூர்_மாடி
இங்கே என் பிரச்சினையைக் கேட்கலாமா? விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் 145.800 மெகாஹெர்ட்ஸில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவார்கள் என்று படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் செருகுகிற குட்டி ரிசீவர் ஒன்று வாங்கினேன். நிலையம் தலைக்கு மேலே போகிற நேரம் பார்த்து மாடியில் உட்கார்ந்தேன். முதலில் வெறும் இரைச்சல். நடுவில் கொஞ்சம் தெளிவாக ஒரு ஆள் பேசினார். பிறகு குரல் கரகரவென்று உடைந்து போய்விட்டது. நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து அவ்வளவு சின்ன சாமானில் வருமா, இல்லை பக்கத்தில் யாரோ பேசியது விழுந்ததா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
நீங்கள் கேட்டது நிலையத்தைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறியே காட்டிக்கொடுக்கிறது.

நிலையத்துக்குள் காற்று நம் வீட்டில் இருக்கிற அளவுக்கு உண்டு. அங்கே ஒருவர் பேசினால் சத்தம் மைக் வரை காற்றில் போகும். மைக்கின் சவ்வு ஆடி, அந்த ஆட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும். அங்கேயே சத்தம் முடிந்தது. ரேடியோ நொடிக்கு 14 கோடியே 58 லட்சம் தடவை ஆடிக்கொண்டிருக்கும். மைக்கின் மின்னழுத்தம் ஏறினால் அந்த எண்ணிக்கை சில ஆயிரம் கூடும், இறங்கினால் சில ஆயிரம் குறையும். உரக்கப் பேசினால் அதிகம் விலகும், கீச்சுக் குரலில் பேசினால் அடிக்கடி விலகும். இதுதான் எஃப்.எம். உங்கள் ரிசீவர் அந்த விலகலை நொடிக்கு நொடி அளந்து, மறுபடி மின்னழுத்தமாக்கி, ஸ்பீக்கரின் காகிதத்தை ஆட்டும். கொடுங்கையூர்க் காற்றில் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். நடுவில் இருக்கிற தூரத்தில் சத்தம் என்று எதுவும் போகவே இல்லை, அதன் ஏற்ற இறக்கக் கணக்கு மட்டும் போனது.

கொடுங்கையூர்_மாடி
அதெல்லாம் புரிந்தது ஐயா. பலம் போதுமா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
போட்டுப் பார்ப்போம். ஐந்து வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு அளவு. நிலையம் சாய்வாக ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் சாதாரண ஆன்டெனாவில் விழுவது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றே கால் பங்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் குறுகிய அலைவரிசைக்குள் ரிசீவரின் சொந்த இரைச்சல் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் வரும். நிலையம் வானத்தில் நேராகத் தெரிந்தால் போதும், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை.

ஓரங்களில் உடைந்ததற்கு வருவோம். நிலையம் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உங்களை நோக்கி வரும்போது அலைகள் நெருங்கி, 145.803-க்குப் பக்கத்தில் கேட்கும். தலைக்கு மேலே வரும்போது 145.800. விலகும்போது 145.797. நீங்கள் 145.800-இலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். எஃப்.எம். ரிசீவருக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் விலகல் என்றால் குரலின் ஒரு பக்கம் ஜன்னலுக்கு வெளியே வெட்டுப்படும், அதனால்தான் கரகரப்பு. பக்கத்து ஆள் பேசியிருந்தால் அலைவரிசை இப்படி ஒரே திசையில் நழுவியிருக்காது. அடுத்த தடவை 145.803-இல் தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். திரையில் அலையின் கோடு சாய்ந்து வளைவதே தெரியும்.

கொடுங்கையூர்_மாடி
தொடக்கத்தில் சுத்தமாக ஒன்றுமே இல்லையே? அலைவரிசை நழுவினாலும் கொஞ்சமாவது வரவேண்டாமா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
தாழ்வாக இருக்கும்போது நிலையம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் ஊர்க் கட்டடம். இன்னொன்று, நகரத்து எஃப்.எம். பாட்டு நிலையங்கள் உங்கள் குட்டி ரிசீவரைத் திணறடிக்கும். அதற்கு நூறு மெகாஹெர்ட்ஸை ஒட்டியதை வெட்டுகிற ஃபில்டர் விற்கிறார்கள், ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் போடுங்கள். இல்லாவிட்டாலும் ரிசீவரின் கெயினைக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்து குரல் அப்படியே நின்றால் திணறல்தான் காரணம். கூட வந்த குச்சி ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலா அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு கம்பி எடுத்து, அகலமான வி வடிவில் படுக்கையாகக் கட்டுங்கள். மாடித் தண்ணீர் மோட்டார் ஓடாத நேரமாகப் பாருங்கள்.

ஒன்று முக்கியம். கேட்பதோடு நிறுத்துங்கள். பதில் பேச அமெச்சூர் உரிமம் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு.

ஸ்பேஸ்_மச்சி
விண்வெளியில் நடக்கிற இரண்டு பேர் ஹெல்மெட்டை ஒட்டவைத்தால் ரேடியோ இல்லாமலே கேட்குமாமே? அதுவும் சத்தம்தானே?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
கேட்கும். உள்ளே காற்று, அப்புறம் ஹெல்மெட், அப்புறம் ஹெல்மெட், அப்புறம் காற்று. தொடர்ந்து பொருள் இருக்கிறது. ஆனால் டீச்சருக்குச் சொன்ன வாசல் நஷ்டம் ஒவ்வொரு இடத்திலும் விழும், மங்கலாகத்தான் இருக்கும். விரல் அகலம் விலகினாலும் போச்சு.

எண்ணூர்_அலை
ஐயா, ஒன்று விட்டுப்போனது. ரேடியோவை மின்னேற்றத் துகள் தின்னும் என்றீர்கள். ராக்கெட்டின் நெருப்பிலும் மின்னேற்றத் துகள் இருக்குமே? பின்னால் அவ்வளவு பெரிய வால். அதன் வழியாக ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எப்படித் தகவல் வருகிறது?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
தின்னும் தம்பி. திட எரிபொருளில் அலுமினியம், கூடவே சோடியம், பொட்டாசியம் தூசு. அந்தச் சூட்டில் எலக்ட்ரான் கழன்று புகை ஓரளவு மின்கடத்தியாகிவிடும். நேர் பின்னால் நின்று கேட்டால் சிக்னல் மங்கும், துடிக்கும். அதனால்தான் ஏவுதளத்தை மட்டும் நம்பாமல், வாலுக்குப் பக்கவாட்டில் இருந்து பார்க்கிற மாதிரி வேறு இடத்திலும் ஆன்டெனா வைப்பார்கள். போகப் போக போர்ட் பிளேர் மாதிரி தூரத்து நிலையங்கள் ராக்கெட்டை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பூமியின் வளைவே மறைத்துவிடும்.

எண்ணூர்_அலை
ஒரு தடவை நேரலையில் வேகம், உயரம் எல்லாம் சில நொடி அப்படியே உறைந்து நின்றது. அது இந்தப் புகையால்தானா?

பழைய_சிக்னல்காரர் (பெரம்பூர்)
பூஸ்டர் எரிந்துகொண்டிருந்தபோதா, கழன்ற பிறகா? கழன்ற பிறகு என்றால் புகை இல்லை, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய நேரமாக இருக்கும்.

எண்ணூர்_அலை
ஞாபகம் இல்லை ஐயா. பழைய வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

காசிமேடு_லாஞ்சு
தம்பி, தேடறப்போ அந்த ஒத்தவாடைத்தெரு ஜன்னலையும் கொஞ்சம் பாரு.

ஒத்தவாடைத்தெரு
பார்க்கட்டும். ஸ்டாப்வாட்ச் தயாராக இருக்கிறது.